செப்பேடு வேண்டாம், இறப்புப் பதிவேட்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். என் கொள்ளுப்பாட்டி பண்ணையில் நடவு நட்டவர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை. ஊரில் ஒருவர், "கூலிக்காரிக்கு ஏது வரலாறு? நாற்பதாயிரம் கொடுங்கள், உங்கள் குலம் சோழர் வழி என்று செப்பேடு எடுத்துத் தருகிறேன்" என்கிறார். ஐயாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டேன். பெரிய புயலுக்கு அடுத்த தையில் காய்ச்சலில் பாட்டி போனார் என்பது மட்டும் வீட்டில் தெரியும். அரசர்களைத் தவிர மற்றவர்களின் வரலாற்றை எங்கே தேடுவது?

பதில்: மீதி முப்பத்தைந்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள். அந்த மனிதர் விற்பது வரலாறு அல்ல, ஒரு பழைய பழக்கம். அரசனோடு ஒட்டினால்தான் மனிதனுக்கு மதிப்பு என்ற பழக்கம். வரலாற்று ஆசிரியர்களே அதிலிருந்து வெளியே வர வெகு காலம் ஆனது.

ஒரு சோழர் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மெய்க்கீர்த்தி இருக்கும்: அரசன் எந்த நாட்டை வென்றான், யாருடைய முடியைப் பறித்தான். கீழே, படிக்கவே அலுப்பூட்டும் பகுதி: இன்ன நிலம், இன்ன எல்லை, விற்றவர் இவர், வாங்கியவர் இவர். முதலில் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் மேல் பகுதியைத்தான் பிழிந்தார்கள். நீலகண்ட சாஸ்திரியார் 1930களில் சோழர் வரலாற்றை எழுதியபோது ஊர்ச்சபைகளையும் விரிவாகச் சொன்னார். ஆனால் கதையின் முதுகெலும்பு அரச வரிசைதான். பிறகு 1960களில் ஜப்பானிய வரலாற்று ஆய்வாளர் நொபுரு கராஷிமா வந்தார். திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நிலம் யார் கையில் இருந்தது என்று கேட்டார். பிராமண ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களிடம் இருந்தது. அல்லூரில் ஊரார் பொதுவில் வைத்திருந்தார்கள். கல்வெட்டு அதே வகைக் கல்வெட்டுதான், கேள்விதான் வேறு. பிரான்சில் 1929இலேயே மார்க் ப்ளாக் போன்ற வரலாற்று ஆசிரியர்கள் இந்தத் திசையில் கிளம்பிவிட்டார்கள். இங்கே 1982இல் ரணஜித் குகா என்ற வரலாற்று ஆசிரியரின் குழுவினர், போலீஸ் அறிக்கையில் "கலகம்" என்று இருந்தால் அதைக் குடியானவன் பக்கத்திலிருந்து திருப்பிப் படிக்க வேண்டும் என்றார்கள். அவர்களும் தொடக்கத்தில் பெண்களை மறந்தார்கள் என்பது தனிக் கதை.

உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஏழையைப் பற்றி யாரும் ஆசையாக எழுதி வைப்பதில்லை. வரி கேட்கும்போது, தலை எண்ணும்போது, வழக்குப் போடும்போது, சாகும்போது எழுதுவார்கள். அங்கேதான் தேட வேண்டும்.

அரசர் ஆவணத்தில் எளியவர் பெயரே வராதா என்றால், வரும். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் செப்பேட்டுக்காரர் அடுத்து இதைத்தான் எடுத்து நீட்டுவார். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணி செய்த பெண்களை, பட்டியலிடுகிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு என்று தெருவும் வரிசையும் வீடும் சொல்லி, இன்ன ஊர் இன்ன கோயிலிலிருந்து வந்த இன்னாருக்குப் பங்கு ஒன்று என்று போகிறது. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்து விளைச்சல், நூறு கலம் நெல். அவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பணியைச் செய்து நெல்லைப் பெறலாம் என்றும் இருக்கிறது. பெண்கள் வரலாறு எழுதுபவர்களுக்கு இது புதையல். ஆனால் பெயர் ஏன் வந்தது? நெல் அளக்க வேண்டியிருந்ததால். அந்த நூறு கலத்துக்கு நாற்று நட்டவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பாட்டி அவர்கள் பக்கம். ஆகையால் இந்தக் கல்வெட்டைக் காட்டி யாரும் உங்களிடம் பணம் வாங்க முடியாது.

இப்போது புயலுக்கு வருவோம். நாகப்பட்டினத்துக்காரர் "பெரிய புயல்" என்றால் இரண்டில் ஒன்றாக இருக்கும்: 1952 நவம்பர் 30, அல்லது 1977 நவம்பர் 12. வயதான அத்தையிடமோ பெரியம்மாவிடமோ "எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். தெரியாது என்பார்கள், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஒரு வருஷம் சொல்வார்கள். "அப்போது எம்.ஜி.ஆர். ஆட்சியா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் 1977. "அது வெகு முன்னால், எனக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்றால் 1952ஆக இருக்கலாம். பாட்டிக்கு அன்று பிறந்த பேரன் யார், அவருக்கு இப்போது என்ன வயது என்று இன்னொரு பக்கமும் சரிபாருங்கள். 1952 என்று உறுதியானால் அடுத்த தை என்பது 1953 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. தேட வேண்டியது முப்பது நாள்.

அந்த முப்பது நாளுக்கு ஊரின் இறப்புப் பதிவேட்டில் தேட மனுக் கொடுங்கள். ஆண்டு தெரியாமல் போனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தேடுதல் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அதற்குத்தான் இவ்வளவு பாடு. பாட்டி பெயரில் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். "இன்னாரின் மனைவி" என்று எழுதியிருக்கலாம், தாத்தா பெயரில் பாருங்கள். பதிவேட்டைக் காட்டி, இறந்த காரணத்தில் "காய்ச்சல்" என்று இருந்தால் அதை மருத்துவ முடிவாக எழுதிவிட வேண்டாம். ஊரில் எழுதியவர் மருத்துவர் அல்லர். காரணம் புரியாதவற்றையெல்லாம் காய்ச்சலில் போடுவது வழக்கம். ஆனால் பக்கத்தைப் பார்க்க விட்டால், அந்த ஒரு மாதத்தில் எத்தனை காய்ச்சல் சாவு, எந்தத் தெருக்காரர்கள் என்று எண்ணுங்கள். முந்தைய ஆண்டு தையோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் புயலுக்குப் பிறகு உங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதன் முதல் தடயம் அது.

"பதிவேடு இல்லை" என்றால் எழுத்தில் வாங்குங்கள். ஓர் அலுவலகத்தில் என்னை மூன்று திங்கட்கிழமை அலையவிட்டு, நான்காவது முறை போனபோது நான் கேட்ட ஆண்டுக் கட்டு ஆட்டம் கண்ட மேசைக்கு முட்டுக் கொடுத்திருந்தது. மன்னன் கல்லுக்கு வேலி போடும் நாட்டில் குடியானவள் காகிதத்துக்கு ஓர் அலமாரி கிடைப்பதில்லை. வாசலில் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று நிற்பவர்களிடமும் போகாதீர்கள். கட்டணம் கவுண்டரில் கட்டுவதுதான்.

கிராமக் கணக்குகளில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். "அ" பதிவேட்டில் நிலமுள்ளவர் பெயர்தான் இருக்கும். கூலி எவ்வளவு, எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை வைத்துச் செய்து 1918இல் வெளியிட்ட கிராம ஆய்வுகளைப் பாருங்கள். அதில் பழைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் இருக்கிறது. உங்கள் ஊர் அல்ல, ஆனால் பக்கத்து வாழ்க்கை.

செப்பேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் காட்டினால் எழுத்தைப் பாருங்கள். பழங்கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி அரிது. இன்று நாம் போடுகிற ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு, வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 18ஆம் நூற்றாண்டுத் திருத்தம். ராஜராஜன் தகட்டில் இரட்டைக்கொம்பு சுழித்திருந்தால் அது அவன் காலத்துத் தகடு அல்ல. முன்பணத்துக்கு ரசீது இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். தகட்டின் இரு பக்கப் படமும், அது இதுவரை யாரிடம் இருந்தது என்பதும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். பத்து நாளில் தராவிட்டால், ரசீதோடு காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள்.