மூன்றாவது வகுப்புக்குள் கரகரக்கும் குரல்

"மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் நன்றாக இருக்கும் குரல் மூன்றாவது வகுப்புக்குள் கரகரத்துவிடுகிறது. மாலையில் டியூஷன், வெள்ளிக்கிழமை கோவிலில் பஜனை. இஞ்சி, தேன், மென்தால் மிட்டாய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பள்ளி திறந்த கையோடு தைப்பூசக் காவடியும் வருகிறது. அதுவரை குரலைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?"

காலையில் நன்றாக இருந்து, பேசப் பேசக் கெடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தடயம். எழுந்தவுடன் கரகரத்து, போகப் போகத் தெளியும் குரலாக இருந்தால், இரவு உணவுக்குப் பிறகு வயிற்று அமிலம் மேலேறுகிறதா என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். உங்களுடையது பெரும்பாலும் உழைப்பால் வரும் வீக்கமாகத் தெரிகிறது.

பெண்களின் குரல் நாண்கள் சாதாரணப் பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. ஒரு வகுப்பில் மொத்தம் 15 நிமிடம் உங்கள் குரல் ஒலித்தாலே 1,80,000 மோதல்கள் ஆகிவிடும். சத்தமாகப் பேசும்போது மோதல் வலுக்கிறது. சுருதியும் ஏறுவதால் எண்ணிக்கையும் கூடுகிறது. இதனால் நாண்களின் விளிம்பு சற்றே வீங்குகிறது. வீங்கிய விளிம்பு எளிதில் அதிராது என்பதால் நம்மையறியாமல் மூச்சை இன்னும் அழுத்தித் தள்ளுகிறோம். அந்த அழுத்தமே வீக்கத்தை மேலும் வளர்க்கிறது. மூன்றாவது வகுப்பில் நீங்கள் உணர்வது இந்தச் சுழலைத்தான். இஞ்சியும் தேனும் இதைத் தொடுவதில்லை, ஏனென்றால் விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ள, விழுங்கியது பின்பக்கமாக உணவுக்குழாய்க்குள் போய்விடுகிறது. மென்தால் தரும் குளிர்ச்சி சோர்வை மறைத்துவிடுவதால், ஓய்வு தர வேண்டிய நேரத்திலும் நீங்கள் பேசிக்கொண்டே போகிறீர்கள்.

இந்தச் சுழலை அறுக்க நான் ஆசிரியர்களுக்கு முதலில் கற்றுத்தருவது ஸ்ட்ரா பயிற்சி. மொரீஷியஸில் 2021 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை இருக்கிறது. காகித ஸ்ட்ரா தண்ணீரில் விரைவில் நமுத்துப்போகும். ஆகவே ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு ஸ்டீல் ஸ்ட்ராவை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலில் அதன் நுனி இரண்டு சென்டிமீட்டர் மூழ்கும்படி பிடியுங்கள். உதடுகளால் ஸ்ட்ராவை நன்றாகச் சுற்றி மூடி, முதலில் குரலில்லாமல் மெதுவாக ஊதிக் குமிழி வரவழையுங்கள். பிறகு அதே காற்றோடு, பேசும் சுருதியில் 'ஊ' என்ற ஒலியைச் சேருங்கள். குமிழிகள் தடைபடாமல் ஒரே சீராக வர வேண்டும். கன்னங்கள் லேசாக உப்ப வேண்டும். அதிர்வு தொண்டையில் அல்ல, உதட்டிலும் மூக்கின் அடியிலும் தெரிய வேண்டும். ஒலிக்கும்போதே மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது, அப்படிக் கசிந்தால் பயன் குறைவு.

குறுகிய வழியில் வெளியேறும் காற்று பின்னோக்கி ஓர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அது நாண்களை மெத்தைபோலத் தாங்கிச் சற்றே விலக்கி வைப்பதால், அவை முழுதாக அதிர்ந்தாலும் மோதல் மென்மையாகிறது. ஆழமாக மூழ்கடித்தால் பயன் கூடும் என்று நினைத்து ஸ்ட்ராவை பாட்டிலின் அடிவரை விட்டுவிடாதீர்கள்; கழுத்து நரம்பு புடைக்கும் அளவுக்குத் தள்ள வேண்டியிருந்தால் பயிற்சியே சிரமமாகிவிடும்.

உங்கள் ஒரு நாளில் இதைப் பொருத்திப் பார்ப்போம். காலையில் கிளம்புமுன் ஐந்து நிமிடம்: சீரான 'ஊ', பிறகு கீழிருந்து மேலே போய் மறுபடி கீழே இறங்கும் 'ஊ', அவசரமில்லாமல். ஸ்ட்ராவை எடுத்துவிட்டு 'ம்ம்' என்று முனகி, அந்த அதிர்வு உதட்டில் இருக்கும்போதே 'மழை', 'மணி', 'மாமா வந்தார்' என்று சொல்லிப் பாருங்கள். ம, ன, ங நிறைந்த நம் மொழி இதற்கு மிகவும் வசதியானது. அதே இடத்தில் குரலை வைத்து வகுப்பின் முதல் வாக்கியத்தைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவே ஒரு நிமிடம் 'ஊ' போதும். உங்களுக்கு மிகவும் பலன் தரப்போவது இந்த ஒரு நிமிடம்தான், ஏனென்றால் வீக்கம் கூடுமுன்பே நாண்களை நிதானத்துக்குக் கொண்டுவருகிறது. டியூஷன் முடிந்தபின் மேலிருந்து கீழே மட்டும் இறங்கும் 'ஊ' மூன்று நிமிடம்.

வகுப்பறையில் ஒரே ஒரு மாற்றம் கேட்பேன்: பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் பேசாதீர்கள். சுற்றுச் சத்தம் ஏறினால் நம் குரலும் தானாக ஏறிவிடும், மனம் வைத்தும் அதைத் தடுப்பது கடினம். ஒரு சிறு மணியை அடித்து, அமைதி வந்த பிறகு, வகுப்பின் நடுப்பகுதிக்கு நடந்து சென்று பேசுங்கள். கரும்பலகையில் எழுதும்போது பேசாதீர்கள். சுவரைப் பார்த்துப் பேசும் குரல் பின்வரிசைக்கு எட்டாமல் போக, நீங்கள் கத்த வேண்டியிருக்கும். இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கி வாங்க முடிந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

குடிக்கும் தண்ணீர் இரத்தத்தின் வழியாகத்தான் நாண்களுக்குப் போய்ச் சேர்கிறது, அதற்கு நேரமாகும். ஆகவே தொண்டை வறண்ட பிறகு ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிட, எழுந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. மூச்சோடு உள்ளே போகும் நீராவி நேரடியாகவே நாண்களை நனைக்கிறது. மாலையில் பத்து நிமிடம் வெறும் ஆவி பிடியுங்கள். தைலம், கற்பூரம் வேண்டாம், அவை எரிச்சலூட்டும். தொண்டையைச் செருமுவதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குரல் தளர்ந்தால் கிசுகிசுக்காதீர்கள். பலரும் அதை ஓய்வு என்று எண்ணுகிறார்கள், ஆனால் குரல்வளைத் தசைகளை இறுக்கிக்கொண்டுதான் கிசுகிசுக்கிறார்கள். அதைவிட மெல்லிய குரலில் குறைவாகப் பேசுவதே மேல்.

வீக்கம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. காலையிலும் மாலையிலும், ஏறத்தாழ ஒரே உயர்ந்த சுருதியில், தூங்கும் குழந்தையை எழுப்பாத அளவு மெல்லிய குரலில் ஒரு வரி பாடுங்கள். ஒலி தாமதமாகத் தொடங்கினாலோ, முதலில் வெறும் காற்று மட்டும் வந்தாலோ நாண்கள் வீங்கியிருக்கின்றன என்று கொள்ளலாம். சத்தமாகப் பாடினால் இது தெரியாது, ஏனென்றால் அழுத்தம் வீக்கத்தை மறைத்துவிடும். மாலையில் தவறும் அந்த வரி மறுநாள் காலையில் சரியாக வந்தால், ஓய்வு போதுமானதாக இருந்திருக்கிறது. காலையிலும் வரவில்லை என்றால் அன்று டியூஷனை எழுத்துப் பயிற்சியாக மாற்றுங்கள். அந்த வெள்ளிக்கிழமை பஜனையில் தாளம் மட்டும் போடுங்கள்.

காவடிக்கு முந்தைய விரத நாட்களிலும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பாடும் சுருதியை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளக் குழுவினரைக் கேளுங்கள். ஊர்வலத்தில் திறந்தவெளியில் 'அரோகரா' என்று உரக்க முழங்குவதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. முழக்கத்தை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். உரக்கக் கத்தும்போது குரல் சட்டென்று போய்விட்டால் அந்த நொடியிலேயே பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம்.

இவ்வளவும் செய்தும் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களை கேமரா மூலம் பார்த்துவிட வேண்டும். காய்ப்பு போன்ற தடிப்புகள் இருந்தால் அவற்றுக்கும் பெரும்பாலும் குரல் பயிற்சியே முதல் சிகிச்சை. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி இருந்தால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது மெல்லிய வரி எந்தெந்த நாளில் தவறியது, அன்று எத்தனை வகுப்பு எடுத்தீர்கள் என்று எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.