ஸ்கானில் ஒன்றுமில்லை, ஆனால் கால் ஏன் எழும்பவில்லை?

கேள்வி: சுன்னாகத்தில் இருக்கிறேன். திடீரென இடது கால் சோர்ந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் பாதிப்பில்லை, "செயற்பாட்டு நரம்பியல் கோளாறு" என்றார் வைத்தியர். நான் நடிக்கிறேன் என்கிறாரா?

இல்லை, அக்கா. உங்கள் பலவீனம் உண்மையானது. மூளையும் நரம்பும் பழுதாகவில்லை. காலை அசைக்கச் சொல்லும் கட்டளைதான் வழியில் தடுமாறுகிறது.

ஸ்கான் சுத்தம் என்பதற்காக மட்டும் இப்படிச் சொல்வதில்லை. படுக்கவைத்து, இடது குதிகாலைக் கீழே அழுத்தச் சொல்லியிருப்பார், பலம் வந்திராது. பிறகு வலது காலை அவர் கையை எதிர்த்து உயர்த்தச் சொன்னபோது, இடது குதிகால் தானாகவே கட்டிலை அழுத்தியிருக்கும். இது 1908இல் விவரிக்கப்பட்ட ஹூவர் அறிகுறி. பொய்யைப் பிடிக்கும் பொறி என்று சிலர் நினைப்பது தவறு. கவனம் காலில் குவியும்போது பலம் மறைகிறது, விலகும்போது திரும்புகிறது, அவ்வளவுதான். கடும் வலி இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றலாம் என்பதால், மற்ற அறிகுறிகளையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

சிகிச்சையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தக் கோளாறை அறிந்த இயன்மருத்துவர் பின்னோக்கி நடக்கவோ, பேசிக்கொண்டே நடக்கவோ பழக்குவார். முன்னேற்றம் ஏற்ற இறக்கமாகவே வரும்.

முகம் கோணினால், பேச்சுக் குழறினால், புதிதாகப் பலவீனம் வந்தால், பழையதுதான் என்று இருந்துவிடாமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.