வாட் கூடினால் பேட்டரி கெடுமா? வேக சார்ஜர், கேபிள் தேர்வு: கேள்வி பதில்

முருகேசன், கரூர்: என் போனுக்கு 25 வாட் சார்ஜர்தான் பொருந்தும் என்கிறார்கள். வீட்டில் மடிக்கணினிக்கு வாங்கிய 65 வாட் டைப்-சி சார்ஜர் சும்மா கிடக்கிறது. அதைச் செருகினால் போன் பேட்டரி வெந்துவிடாதா?

வேகாது ஐயா, தாராளமாகச் செருகலாம். சார்ஜரின் மீது அச்சிட்டிருக்கும் வாட் அதனால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதைக் காட்டுகிறதேயன்றி, போனுக்குள் எவ்வளவு தள்ளும் என்பதைக் காட்டுவதில்லை. டைப்-சி சார்ஜரில் போனைச் செருகியவுடன் முதலில் வெறும் 5 வோல்ட் மட்டுமே வரும். பிறகு சார்ஜர் தன்னால் தரக்கூடிய மின்னழுத்தங்களையும் ஆம்பியர் வரம்புகளையும் போனுக்குத் தெரிவிக்கும்; போன் தனக்கு ஏற்ற ஒன்றைக் கேட்டுப் பெறும். பேட்டரிக்குள் எவ்வளவு போக வேண்டும் என்பதை அதன் சூட்டையும் நிரம்பிய அளவையும் பார்த்து நொடிக்கு நொடி தீர்மானிப்பது போனுக்குள் இருக்கும் சில்லுதான். 25 வாட்டுக்கு மேல் ஏற்காத போன், 65 வாட் சார்ஜரிலும் 25 வாட்டுக்கு மேல் எடுக்காது. அந்த 25 வாட்டையாவது முழுதாக எடுக்குமா என்பது வேறு விஷயம். அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

திவ்யா, கோயம்புத்தூர்: என் கேலக்ஸி போன் 65 வாட் சார்ஜரில் மெதுவாக ஏறுகிறது, 25 வாட் சார்ஜரில் வேகமாக ஏறுகிறது. 65 வாட்டில் Fast charging என்று மட்டும் வருகிறது, Super fast charging வருவதில்லை. எனக்கு விற்றது போலி சார்ஜரா?

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் அந்த 65 வாட் சார்ஜரில் பிபிஎஸ் என்னும் வசதி இருக்காது. போன் சார்ஜர் வாங்குவோர் வாட்டைவிட முதன்மையாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மடிக்கணினிக்கென்று செய்த சார்ஜர்கள் பல 5, 9, 15, 20 வோல்ட் என்று நான்கு நிலையான படிகளை மட்டுமே தரும். உங்கள் போனின் பேட்டரிக்கோ ஏறக்குறைய 4 வோல்ட்தான் தேவை. 9 வோல்ட்டை வாங்கி 4 வோல்ட்டாகக் குறைக்கும் வேலையைப் போன் தனக்குள்ளேயே செய்தால், வரும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்கேயே சூடாக மாறிவிடும். விசிறியும் காற்றோட்டமும் இல்லாத, பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் ஓரிடத்தில் அந்தச் சூட்டை வளரவிட முடியாது என்பதால், போன் சுமார் 15 வாட்டோடு நிறுத்திக்கொள்கிறது.

பிபிஎஸ் உள்ள சார்ஜரில், போன் தனக்கு வேண்டிய மின்னழுத்தத்தை 0.02 வோல்ட் அளவுக்கு நுணுக்கமாகக் கேட்டுப் பெற முடியும். பேட்டரிக்கு அப்போது 4.3 வோல்ட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் அதன் இரு மடங்கான 8.6 வோல்ட்டைக் கேட்கும். 8.6 வோல்ட்டில் 2.7 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 23 வாட். போனுக்குள் இருக்கும் வேறொரு சில்லு மின்னழுத்தத்தைச் சரிபாதியாக்கி மின்னோட்டத்தை இரட்டிப்பாக்க, பேட்டரிக்குள் 4.3 வோல்ட்டில் 5.4 ஆம்பியர் போகும். பாதியாக்கும் அந்த முறையில் வீணாவது நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். குறைக்கும் வேலையின் பெரும்பகுதியும் அதன் சூடும் சுவரோரம் இருக்கும் சார்ஜரிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே உங்கள் 25 வாட் சார்ஜர் வேகமாக ஏற்றுவதோடு, போனுக்குள் உண்டாகும் வீண் சூட்டையும் அளவாக வைத்திருக்கிறது.

சார்ஜரின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். 5, 9, 15, 20 என்ற தனி எண்களுக்குப் பிறகு “3.3–11 வோல்ட், 3 ஆம்பியர்” என்பதுபோல் ஒரு வீச்சாக அச்சிட்ட வரி இருந்தால் பிபிஎஸ் உண்டு. அந்த வரி இல்லையென்றால், 100 வாட் சார்ஜராக இருந்தாலும் உங்கள் போனுக்கு அது மெதுவானதே.

பிரபாகர், திண்டுக்கல்: நான் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உப்பிப்போய் வரும் பேட்டரியெல்லாம் வேக சார்ஜர் போட்டவைதான். பழைய 5 வாட் சார்ஜரில் ஏற்றினால் எந்தப் பிரச்சினையும் வராது. மக்களிடம் அதைச் சொல்லாமல் வேறு என்னென்னவோ சொல்கிறீர்கள்.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. மிக வேகமாக ஏற்றும்போது, அதிலும் பேட்டரி குளிர்ந்தோ ஏற்கெனவே நிரம்பியோ இருக்கும் நிலையில், லித்தியம் பேட்டரியின் எதிர்மின்முனைக்குள் புகுந்து அடங்க நேரமில்லாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி திரும்பப் பயன்படாது. இதனால்தான் போன்கள் முதல் பாதியை வேகமாக ஏற்றிவிட்டு, 80 விழுக்காட்டைத் தாண்டியதும் வேகத்தை வெகுவாகக் குறைக்கின்றன.

ஆனால் 5000 மில்லியாம்பியர் மணி பேட்டரி கொள்ளும் ஆற்றல் ஏறக்குறைய 19 வாட் மணி. அதற்கு 25 வாட் என்பது, தொடக்க வேகம் அப்படியே நீடித்தால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் நிரப்பும் வேகம். இன்றைய பேட்டரிகளுக்கு அது மிதமானதே. உப்புவதற்கு வேறு வழிகளும் உண்டு. நிரம்பிய நிலையும் சூடும் சேர்ந்து நெடுநேரம் நீடித்தால், மெதுவாக ஏற்றிய பேட்டரிக்குள்ளும் வாயு உண்டாகும். நாள் முழுவதும் சார்ஜரிலேயே கிடக்கும் கல்லாப்பெட்டிப் போனையும், வெயிலில் நிறுத்திய காரின் முகப்பில் கிடக்கும் போனையும் கவனித்திருப்பீர்கள். அடுத்த முறை உப்பிய பேட்டரியோடு ஒருவர் வந்தால், போன் இரவெல்லாம் எங்கே கிடக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

மின்னணுப் பொறியாளர், ஓசூர்: 80 வாட், 100 வாட் போன்களில் பேட்டரியை இரண்டு செல்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு செல்லுக்குப் பாதி வாட்தான் போகிறது. ஆகவே செல்லின் மீதான சுமை 40 வாட் போனுக்குச் சமம் என்று கொள்ளலாமல்லவா?

அப்படிக் கொள்ள முடியாது. வாட் பாதியாகும்போது ஒவ்வொரு செல்லின் கொள்ளளவும் பாதியாகிவிடுகிறது. 19 வாட் மணிக்கு 80 வாட் என்றாலும் ஒன்பதரை வாட் மணிக்கு 40 வாட் என்றாலும் விகிதம் ஒன்றே: கொள்ளளவைப் போல் நான்கு மடங்குக்கும் சற்று மேல். செல்களைத் தொடராக இணைப்பதால் போனுக்குள் ஓடும் மின்னோட்டம் குறைகிறது, கம்பியிலும் சில்லிலும் சூடு குறைகிறது. அதுவும் உண்மையான நன்மைதான், ஆனால் செல்லின் வேதியியலுக்கு அதனால் ஓய்வு கிடைப்பதில்லை. அந்த வேகத்தைத் தாங்க வைப்பது மெல்லிய மின்முனைகளும், மின்னோட்டத்தைப் பல இடங்களிலிருந்து எடுக்கும் இணைப்புகளும்தான்.

அதே பொறியாளர்: விகிதக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உச்ச வேகம் சில நிமிடங்களே நீடிக்கிறது. தேய்மானத்தைச் சராசரியை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

சராசரியையும் பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் லித்தியம் படிவது உச்ச வேகத்தில்தான் என்பதால், சராசரியை மட்டும் பார்ப்பது போதாது என்றே நினைக்கிறேன். அவசரமில்லாத நாளில் இத்தகைய போனை அமைப்புகளில் மெதுவாக ஏற்றும் நிலையில் வைத்துக்கொள்வதில் இழப்பு ஏதும் இல்லை.

ஆயிஷா, நாகப்பட்டினம்: 25 வாட் சார்ஜர் வாங்கினேன், கேபிள் தரவில்லை. கடையில் 100 வாட் கேபிள் 150 ரூபாய், 60 வாட் கேபிள் 350 ரூபாய் என்கிறார்கள். மலிவானதே அதிக வாட் என்பது எப்படி?

150 ரூபாய்க் கேபிளில் 100 வாட் என்பது பெரும்பாலும் உறையில் அச்சிட்ட எழுத்தாக மட்டுமே இருக்கும். இருபுறமும் டைப்-சி உள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் செல்ல வேண்டுமானால், கேபிளின் முனைக்குள் தன்னை அடையாளம் காட்டும் ஒரு சில்லு இருக்க வேண்டும். அந்தச் சில்லைக் காணாத சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல் தர முன்வராது. உங்கள் 25 வாட்டுக்கு 3 ஆம்பியரே போதும். தெரிந்த நிறுவனத்தின் 60 வாட் கேபிளை ஒரு மீட்டர் நீளத்தில் வாங்குங்கள். 45 வாட் ஏற்கும் கேலக்ஸி வைத்திருப்பவர்களுக்குத்தான் 5 ஆம்பியர் கேபிள் தேவைப்படும். அது இல்லாவிட்டால் திரையில் Super fast charging 2.0 என்பதற்குப் பதிலாக 2.0 இல்லாத வாசகமே தோன்றும்.

வாங்கிய பிறகு பத்து நிமிடம் ஏற்றிவிட்டு முனையைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் கேபிளின் கம்பி மெல்லியதாகவோ, போனின் துளைக்குள் பஞ்சு அடைத்தோ இருக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டினாலே பஞ்சு வந்துவிடும், குண்டூசி வேண்டாம். சார்ஜரின் மீது இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் முத்திரையோடு R என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அதை BIS Care செயலியில் இட்டால், அந்த எண் உண்மையில் யாருக்கு வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

இராமலிங்கம், தஞ்சாவூர்: எந்த டைப்-சி கேபிளும் போதும் என்று நீங்கள் சொன்னதை நம்பி, என் ஒன்பிளஸ் போனின் சிவப்புக் கேபிளுக்குப் பதிலாக வேறொன்று வாங்கினேன். 80 வாட்டில் ஏறவே மறுக்கிறது.

எந்தக் கேபிளும் போதும் என்று நான் சொல்லவில்லை ஐயா. 3 ஆம்பியர் கேபிளே போதும் என்றது 25 வாட் சார்ஜருக்கு மட்டும். உங்கள் 80 வாட் சூப்பர்வூக் சார்ஜர் 11 வோல்ட்டில் 7.3 ஆம்பியர் தருவது. 7.3 ஆம்பியர் என்பது பொதுவான டைப்-சி விதிகள் அனுமதிக்கும் 5 ஆம்பியரைத் தாண்டியது என்பதால், அந்த நிறுவனம் தன் சார்ஜரும் தன் கேபிளும் சேர்ந்தால் மட்டுமே அந்த வேகத்தைத் திறந்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் கேபிளை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாக வாங்கியதை எறிய வேண்டாம். இரவில் மெதுவாக ஏற்றிக்கொள்ள அது உதவும்.

கலைச்செல்வி, வேலூர்: வெயில் காலத்தில் என் மகன் சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடுகிறான், போன் கொதிக்கிறது. குறைந்த வாட் சார்ஜர் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? இப்போது பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் வேறு தெரிகிறது.

சார்ஜர் பேச்சைச் சற்று ஒதுக்கி வையுங்கள் அம்மா. பின்மூடி தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு மிகுதி. இன்றே அதைச் சார்ஜரிலிருந்து எடுத்து அணைத்துவிடுங்கள். மூடியை அழுத்திப் பொருத்தவோ, நீங்களாகவே திறக்கவோ முயல வேண்டாம்; துளை விழுந்தால் தீப்பிடிக்கும். நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகும், விளையாடும்போது சில்லு உண்டாக்கும் சூடும் ஏற்றும் சூடும் சேரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்த வாட் சார்ஜரால் அதில் இரண்டாவது மட்டுமே குறையும். விளையாட்டை நிறுத்தி, உறையைக் கழற்றி, மெத்தைமேல் வைக்காமல் மேசைமேல் வைத்து அரைமணி நேரம் ஏற்றச் சொல்லுங்கள். போனின் பேட்டரி அமைப்புகளில் 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள்.