வேலைப் பட்டியல் அனுபவ அறிக்கை ஆகாது

கேள்வி: எட்டு வருஷமா சைட் இன்ஜினியரா இருக்கேன். பிரிட்டன்ல இன்கார்ப்பரேட்டட் இன்ஜினியர் பதிவுக்கு அனுபவ அறிக்கை எழுதினேன். செஞ்ச வேலை எல்லாத்தையும் சொல்லியும் "ஆதாரம் போதாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எப்படி எழுதணும்?

பதில்: "கான்கிரீட் பணிகளை மேற்பார்வையிட்டேன், தரத்தை உறுதி செய்தேன்" என்ற வரியை எந்த சைட் இன்ஜினியரும் எழுதலாம். மதிப்பிடுபவர் தேடுவது நீங்கள் எடுத்த முடிவையும், அதற்கு அன்றைக்கே உருவான காகிதத்தையும்தான்.

ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். எம்30 தூண்களுக்கான ஒரு சாம்பிளின் 28 நாள் க்யூப் முடிவு 25.6 என்று வருகிறது. ஐஎஸ் 456 படி தனி முடிவு 27-க்குக் குறையக்கூடாது. இங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்? எந்தக் கான்கிரீட் எங்கே ஊற்றப்பட்டது என்று பதியும் போர் கார்டைப் பார்த்து, அந்தக் கான்கிரீட் எந்த நான்கு தூண்களில் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தீர்கள். மேல்தளம் போடுவதை நிறுத்தினீர்கள். கோர் டெஸ்ட் வேண்டும் என்று கன்சல்டன்ட்டுக்கு எழுதினீர்கள். மூன்று கோர்களின் க்யூப் சமவலிமை 27.4, 26.1, 28.2. சராசரி 27.2. விதிப்படி சராசரி, எம்30-இன் வலிமையான 30-இல் 85 சதவீதமாவது, அதாவது 25.5 இருக்கவேண்டும், எந்தக் கோரும் 75 சதவீதமான 22.5-க்குக் கீழே போகக்கூடாது. தூண்கள் தப்பின. அப்புறம் க்யூப் ஏன் குறைந்தது என்று தேடி, முதல் நாள் அவை வெயிலில் கிடந்ததைக் கண்டு, வைக்கும் இடத்தை மாற்றினீர்கள்.

இந்த ஒரு சம்பவமே, பதிவுக்கான பிரிட்டிஷ் அளவுகோலான யூகே-ஸ்பெக்கின் ஐந்து திறன் பிரிவுகளில் மூன்றைத் தொடுகிறது. காரணம் தேடியது பி பிரிவு, பணியை நிறுத்திய பொறுப்பு சி, கன்சல்டன்ட்டுக்கு எழுதியது டி. இணைக்க வேண்டியவை போர் கார்டு, க்யூப் ரிப்போர்ட், உங்கள் மின்னஞ்சல், கோர் ரிப்போர்ட். நான்கே போதும், ஒவ்வொன்றும் எந்த வாக்கியத்துக்கு ஆதாரம் என்று எண் போட்டுக் காட்டுங்கள். கட்டிய பிறகு எடுத்த அழகான புகைப்படங்களை நான் சேர்க்கமாட்டேன். உங்கள் முடிவைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

இரண்டு இடங்களில் பலரும் வழுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது "செய்யப்பட்டது", "நாங்கள் செய்தோம்" என்ற தொனி தானாக வந்துவிடும். அதை "நான்" என்று மாற்றுங்கள். ஆனால் அளவோடு. தூண்களை ஏற்கலாம் என்ற முடிவு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையது என்றால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நேர்காணலில் அந்தக் கணக்கைக் கேட்பார்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

ஆவணங்கள் நிறுவனத்தின் சொத்து என்பதால் அனுப்பும் முன் அனுமதி வாங்குங்கள். விலையையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைக்கலாம். தேதி, கையெழுத்து, உங்கள் பெயர் மட்டும் தெளிவாகத் தெரியவேண்டும்.