தனி ஆளாக ஓராண்டு அனிமேஷன்: முதலில் படங்களை எண்ணுங்கள்

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே தனியாக 4 நிமிட 2டி அனிமேஷன் குறும்படம் பண்ணப்போகிறேன். கையால் வரைவதுதான். ஒரு வருஷம் ஆகும்போல. நடுவில் சலித்துப்போய் விட்டுவிடாமல், உடம்பையும் கெடுத்துக்கொள்ளாமல் முடிப்பது எப்படி?

பதில்:

கதை எழுதி முடித்த கையோடு கால்குலேட்டரை எடுத்துவிடுங்கள். பாதியில் நின்றுபோன தனியாள் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஆர்வம் வற்றியதால் நின்றவை இல்லை. ஒரு ஆளின் ஓராண்டுக்குள் அடங்கவே அடங்காத வேலையை முதல் நாளே தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவை. ஆறு மாதம் உழைத்த பிறகு கால்வாசிகூடத் தாண்டவில்லை என்று தெரியும்போது யாருக்கும் கை ஓயும்.

உங்கள் படத்தையே போட்டுப் பார்ப்போம். 4 நிமிடம் என்றால் 240 வினாடி. வினாடிக்கு 24 ஃப்ரேம். எல்லாரையும் போல டூஸில், அதாவது ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வரைந்தாலும் வினாடிக்கு 12 படம். மொத்தம் 2,880 படம். ஒரு படத்துக்கு ரஃப், க்ளீன்-அப், கலர் மூன்றும் சேர்த்து 18 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 864 மணி நேரம். வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு 12 மணி நேரம் ஒதுக்குவதே பெரிய விஷயம். பண்டிகை, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் போக வருஷத்தில் 48 வாரம் மிஞ்சும். அதில் ஸ்டோரிபோர்டுக்கும், அந்தப் படங்களையே ஷாட் நேரப்படி அடுக்கி ஓடவிடும் அனிமேட்டிக்குக்கும் 8 வாரம், கடைசியில் ஒலிக்கும் திருத்தத்துக்கும் 6 வாரம் கழித்தால் வரைவதற்கு 34 வாரம். அதாவது 408 மணி நேரம். தேவைப்படுவது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் பின்னணி ஓவியங்களைச் சேர்க்காமலே. இந்தத் துண்டு விழுவதை ஜனவரியில் காகிதத்தில் பார்ப்பது நல்லது. செப்டம்பரில் மணிக்கட்டு வலியோடு கண்டுபிடிப்பது நல்லதில்லை.

அந்த 18 நிமிடம் உதாரணத்துக்குச் சொன்னது. உங்கள் எண் எவ்வளவு என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். படத்திலேயே சுமாரான ஷாட் ஒன்றை எடுங்கள். பாத்திரம் உள்ளே வந்து உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறது, அந்த மாதிரி ஒன்று. கிளைமாக்ஸை எடுக்காதீர்கள். அந்த ஒரு ஷாட்டை ரஃபிலிருந்து கலர், பின்னணி, கம்போசிட் வரை முழுசாக முடியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் போனில் டைமர் ஓடட்டும். வந்த நேரத்தைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் எண் கிடைத்துவிடும். இதைச் செய்யும்போதுதான் பாத்திர வடிவமைப்பில் இருக்கும் வில்லங்கமும் வெளியே வரும். தாத்தாவுக்குக் கட்டம் போட்ட லுங்கி கட்டிவிட்டிருப்பீர்கள். ஒரு ஓவியமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அவர் நடக்கும்போது அந்தக் கட்டங்கள் ஒவ்வொரு மடிப்பிலும் வளைய வேண்டும், ஒவ்வொரு படத்திலும் திரும்ப வரைய வேண்டும், ஒரு கோடு பிசகினாலும் திரையில் துணி கொதிப்பது போலத் துடிக்கும். கரை மட்டும் வைத்த வேட்டிக்கு மாற்றினால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு நிமிடம் மிச்சமாகும். லுங்கிதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் இன்னொரு வழி உண்டு. கட்டத்தை ஒரே ஒரு டெக்ஸ்சராக வரைந்து, லுங்கியின் வடிவத்தை மாஸ்க் ஆக்கி, ஆள் நகர்ந்தாலும் கட்டம் நகராமல் விட்டுவிடலாம். அது ஒரு பாணியாகவே எடுபடும்.

எண் தெரிந்த பிறகு ஷாட்களை மூன்று ரகமாகப் பிரியுங்கள். படத்தின் உயிர் இருக்கும் ஷாட்கள் மட்டும் முழு அனிமேஷன். அவை மொத்தம் 60 வினாடி என்று வையுங்கள்: 720 படம், 216 மணி நேரம். பாத்திரம் நின்று பேசுவது, கேட்பது, தலையாட்டுவது போன்றவை இரண்டாம் ரகம். உடம்பை ஒரு லேயரில் நிறுத்திவிட்டு, தலை, கண், கை மட்டும் அசைந்தால் போதும். அவை 100 வினாடி, வினாடிக்குச் சராசரி 4 படம் என்றால் 120 மணி நேரம். மீதி 80 வினாடி, மழை, மின்விசிறி, ரயில் ஜன்னல், மெல்ல நகரும் கேமரா. திரும்பத் திரும்ப ஓடும் அசைவுச் சுழற்சிகளும் அசையாத ஓவியங்களும்தான். வினாடிக்கு ஒரு படம் என்று கணக்குப் பண்ணினால் 24 மணி நேரம். மூன்றும் சேர்ந்து 360. பின்னணி ஓவியம் 20, ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் வீதம் 50. ஆகமொத்தம் 410. கையில் இருப்பது 408. கிட்டத்தட்டப் பொருந்திவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒரு வாரம் படுத்துவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். முதல் ரகத்தில் 20 வினாடியை இப்போதே வெட்டுங்கள். 240 படம், 72 மணி நேரம், அதாவது 6 வாரம் கைக்கு வரும். அந்த 6 வாரம்தான் உங்கள் ஓய்வு.

வெட்டுவதை அனிமேட்டிக்கில் செய்ய வேண்டும். அங்கே ஒரு ஷாட்டை எடுப்பது ஒரு கிளிக். வரைந்து முடித்த பிறகு எடுப்பதென்றால் மூன்று வாரத்து ராத்திரிகளைக் குப்பையில் போடுவது, அதற்கு யாருக்கும் மனசு வராது. அதனாலேயே தேவையில்லாத ஷாட்கள் படத்தில் தங்கிவிடும். வசனத்தையும் இங்கேயே குறையுங்கள். வாயசைவு பார்க்க எளிது, செய்யும்போது நேரத்தை விழுங்கும். பேசுபவரின் முகத்துக்குப் பதில் கேட்பவரின் முகத்தைக் காட்டினால் பாதி வேலை போய்விடும், காட்சியும் பெரும்பாலும் நன்றாகவே அமையும்.

ஜப்பானிய இயக்குநர் மகோட்டோ ஷின்காய் 2002-இல் வெளியிட்ட 25 நிமிடப் படமான 'வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்' ஏறக்குறைய முழுக்க அவர் ஒருவரே வீட்டுக் கணினியில் சுமார் 7 மாதத்தில் செய்தது. இசைக்கு வேறொருவர். அதை ஒருமுறை சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். வானம், ரயில், செல்போன் திரை, அசையாத முகம், மேலே ஓடும் குரல். பறக்கும் இயந்திரங்களை 3டியில் முடித்துவிட்டார். வரைய வேண்டியதைக் கதையே குறைத்துக் கொடுக்கிறது. கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் தனியாகச் செய்த 'அவே' (2019) 75 நிமிட 3டி படம், மூன்றரை ஆண்டு வேலை. அதை நான்கு அத்தியாயமாகப் பிரித்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனார். வசனம் கிடையாது. இருவருமே பொறுமைசாலிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் நாம் அவர்களிடம் கற்கக்கூடியது கதையை எப்படி ஒரு ஆளுக்கேற்ற அளவில் வடிவமைத்தார்கள் என்பதைத்தான்.

அடுத்து வரிசை. ஸ்டூடியோவில் எல்லா ஷாட்டுக்கும் ரஃப், பிறகு எல்லாவற்றுக்கும் க்ளீன்-அப், பிறகு எல்லாவற்றுக்கும் கலர் என்று போவார்கள். அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஆட்கள் இருப்பதால் அது சரி. தனி ஆள் அப்படிப் போனால் ரஃப் முடிந்ததும் மூன்று மாதம் வெறும் கோடு இழுக்கிற வேலை மட்டும் வரும். பெரும்பாலானவர்கள் கழன்றுகொள்வது அங்கேதான். அதனால் ஒரே இடத்தில் நடக்கும் ஐந்தாறு ஷாட்களை ஒரு கட்டாக எடுத்து, ரஃபிலிருந்து கலர் வரை முடித்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போங்கள். முதல் கட்டு படத்தின் நடுப்பகுதியிலிருந்து வரட்டும். வருஷம் முழுக்க வரைந்தால் கை தேறும், ஆரம்பத்தில் செய்தது கடைசியில் மட்டமாகத் தெரியும். அந்த மட்டமான ஷாட் படத்தின் முதல் 20 வினாடியில் இருக்கக் கூடாது. தொடக்கத்தையும் முடிவையும் எட்டாவது, ஒன்பதாவது மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

முடிந்த ஷாட்டை அன்றைக்கே அனிமேட்டிக்கில் செருகிவிடுங்கள். எடிட்டிங் டைம்லைனில் `sq02_sh040.mp4` என்ற பெயரில் முதலில் ஸ்டோரிபோர்டுப் படம் இருக்கும். ரஃப் முடிந்ததும் அதே பெயரில் ரஃப், பிறகு அதே பெயரில் கலர். பெயர் மாறாததால் டைம்லைனில் எதையும் தொட வேண்டியதில்லை, பழைய பதிப்புகளை மட்டும் தனி ஃபோல்டரில் தேதி போட்டு வையுங்கள். இப்படிச் செய்தால் முதல் மாதத்திலிருந்தே தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் ஒரு படம் உங்களிடம் இருக்கும், வாராவாரம் அதன் முகம் மட்டும் மாறும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை முழுசாகப் போட்டுப் பாருங்கள். வீட்டில் யாராவது இருந்தால் உட்கார வையுங்கள், எங்கே அவர்கள் போனை எடுக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. பத்தாவது மாதத்தில் வேலை மாறினாலோ குழந்தை பிறந்தாலோ, மீதி ஷாட்களை ரஃபிலேயே விட்டுக்கூட அந்தப் படத்தை வெளியிட முடியும்.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்றால், எதை எப்போது செய்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓர் அசைவின் முக்கிய நிலைகளான கீ போஸ்களுக்குத் தெளிந்த தலை வேண்டும், அவற்றைச் சனி, ஞாயிறு காலைக்கு வையுங்கள். ஆபீஸ் விட்டு வந்த இரவில் கீ வரைந்தால் ஒரே கையைப் பத்துத் தடவை அழிப்பீர்கள். அந்த நேரத்துக்கு க்ளீன்-அப், கலர் ஃபில், பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம். எழுந்திருக்கும் முன் சுலபமான இன்பிட்வீன் ஒன்றைப் பாக்கி வைத்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த நாள் ஃபைலைத் திறந்ததும் ஆனியன் ஸ்கின்னில் முன்னும் பின்னும் இரண்டு படம் தெரியும், நடுவில் ஒன்று. யோசிக்காமல் கை ஓட ஆரம்பித்துவிடும்.

தளர்ச்சி வருவதை மனசைவிடத் திரை முதலில் காட்டும். 300 சதவீதம் ஜூம் பண்ணி ஒரு புருவத்தைச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள், படம் ஓடும்போது அந்தப் புருவம் யார் கண்ணிலும் படாது. புதுப் புது பிரஷ் இறக்கிப் பார்ப்பீர்கள். முடிந்த ஷாட்டைத் திறந்து "இதை மட்டும்" என்று மறுபடி வரைவீர்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தொடர்ந்து இரண்டு நாள் நடந்தால் ஒரு வாரம் பேனாவைத் தொடாதீர்கள், ஓய்வுக்கு வைத்த அந்த 6 வாரத்தில் ஒன்றை எடுத்துச் செலவழியுங்கள். ஒலி சேகரிக்கலாம், எதுவும் செய்யாமலும் இருக்கலாம். கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி, மரமரப்பு வந்தால் அது வேறு விஷயம். பேனாவின் பிரஷர் செட்டிங்கை மாற்றி, அழுத்தாமலே தடித்த கோடு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டை விட்டுத் தோளிலிருந்து கோடு இழுத்துப் பழகுங்கள். ஓய்வெடுத்தும் சில நாளில் போகவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள், தைலத்தை நம்பி மாதக்கணக்கில் இழுக்காதீர்கள்.

மறுபடி வரைய ஆசைப்படும் ஷாட்களை ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள், உடனே திறக்காதீர்கள். கடைசி 6 வாரத்தில் அந்தப் பட்டியலில் மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது ஒலியும் இசையும் சேர்ந்துவிட்டிருக்கும். கால் தரையில் படும் சத்தம், சேலை உரசும் சத்தம் சேர்ந்ததும் உங்களை உறுத்திய ஷாட்களில் பல தாமாகவே சரியாகிவிட்டது போலத் தோன்றும். அப்போதும் உறுத்துகிறவற்றிலிருந்து அந்த மூன்றை எடுங்கள்.