ஒரு மாதமாக வராத பணம்: நினைவூட்டுக் கடிதம் பற்றிக் கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலில் 12 ஆண்டுகளாகத் தனியாக டிசைன் வேலை செய்துவரும் அக்கா பதில் சொல்கிறார்.

“அக்கா, பினாங்கில் ஒரு புடவைக் கடைக்குச் சித்திரைப் புத்தாண்டு பேனரும் கேட்டலாக்கும் செய்தேன். 1,800 வெள்ளி. மார்ச் 3-ல் இன்வாய்ஸ், 30 நாள் தவணை. இன்று மே 2. முதலாளி தெரிந்தவர். மனசு நோகாமல் எப்படிக் கேட்பது?”

தம்பி, இப்படி எழுதிப் பாருங்கள்.

தலைப்பு: இன்வாய்ஸ் 0317, 1,800 வெள்ளி, தவணை ஏப்ரல் 2

“வணக்கம் அண்ணே. புத்தாண்டு பேனர், கேட்டலாக் வேலைக்கான இன்வாய்ஸின் தவணை ஏப்ரல் 2-ல் முடிந்தது. பணம் இன்னும் என் கணக்குக்கு வரவில்லை. இன்வாய்ஸை மறுபடியும் இணைத்திருக்கிறேன், வங்கிக் கணக்கு எண் அதிலேயே இருக்கிறது. எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று மே 8-க்குள் சொல்லுங்கள். இன்வாய்ஸில் ஏதாவது திருத்த வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வங்கி ரசீதை அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.”

இதில் “தொந்தரவுக்கு மன்னிக்கவும்” கிடையாது. செய்த வேலைக்குப் பணம் கேட்பதற்கு மன்னிப்பு எதற்கு? மரியாதையை “அண்ணே” காட்டிவிடும். “பணம் எப்போது வரும்” என்று பொதுவாகக் கேட்டால் “சீக்கிரம்” என்றுதான் பதில் வரும். தேதி கேளுங்கள். அவர் மே 15 என்று எழுதிவிட்டால், 16-ஆம் தேதி நீங்கள் அவருடைய வார்த்தையை நினைவுபடுத்தினால் போதும்.

திருத்தம் பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள். ஒரு தடவை நான் ஐந்து வாரம் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால், இன்வாய்ஸில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மேனேஜர் பெயரைப் போட்டிருந்தேன். கணக்குப் பிரிவு அதை ஓரமாக வைத்துவிட்டது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆளை நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கேள்வி இல்லை அக்கா. பெட்டாலிங் ஜெயாவில் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். எங்கள் இடத்தில் மாதத்துக்கு ஒரு நாள்தான் சப்ளையர்களுக்குப் பணம் போகும். அதற்கு ஒரு வாரம் முன்பே பி.ஓ. என்கிற கொள்முதல் ஆணையின் எண்ணோடு எல்லாம் கையில் இருக்க வேண்டும். டிசைனர்கள் மார்க்கெட்டிங் ஆளுக்கே எழுதுவார்கள், அவர் எங்களிடம் சொல்லவே மாட்டார்.”

சரியாகச் சொன்னீர்கள். கம்பெனி என்றால் கணக்குப் பிரிவுக்கு எழுதி, வேலை கொடுத்தவரை நகலில் வையுங்கள். “அடுத்த பணம் கொடுக்கும் நாள் எது, அதில் என் இன்வாய்ஸ் இருக்கிறதா” என்று கேளுங்கள். தம்பியின் புடவைக் கடையில் முதலாளியே எல்லாம் என்பதால் இது தேவைப்படாது.

“பணம் வரும்வரை டிசைன் நம்முடையதுதானே? ‘பேனரை இறக்குங்கள்’ என்று எழுதினால் ஓடி வந்து கொடுப்பார்கள்.”

பாதிதான் சரி. நம் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசுக்குச் செய்யச் சொன்ன வேலையின் உரிமை செய்யச் சொன்னவருக்கே போய்விடும். “முழுப் பணம் வந்த பிறகே உரிமை மாறும்” என்று குவட்டேஷனில் எழுதி அவர் ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. அந்த வரி இல்லாமல் மிரட்டினால், அவர் வக்கீலைக் கேட்கும் அன்றைக்கு நம் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். அந்த வரி இருந்தாலும், முதல் நினைவூட்டலில் ‘பேனரை இறக்குங்கள்’ என்று எழுத மாட்டேன்.

“எனக்கும் இதே கதை அக்கா. போன் கடைக்காரன் ரிப்பேருக்கு 400 வெள்ளி வாங்கிவிட்டு ஏமாற்றிவிட்டான். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனால் தம்பிக்கும் கிடைக்குமா?”

உங்கள் வழக்கை அங்கே கொண்டுபோகலாம், நீங்கள் காசு கொடுத்து வாங்கியவர். தம்பி விற்றவர், அந்தக் கதவு அவருக்கு இல்லை. 5,000 வெள்ளிக்குள் என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். ஒப்பந்தக் கடனுக்கு 6 வருடக் காலவரம்பு இருக்கிறது, அதனால் இப்போதே பதற வேண்டாம். ஆனால் “பணம் தரவேண்டியது உண்மைதான், 15-ல் தருகிறேன்” என்று அவர் வாட்ஸ்அப்பில் போட்டால் அழித்துவிடாதீர்கள். நாளைக்கு அதுதான் உங்கள் சாட்சி.

“தாமதக் கட்டணம் சேர்க்கலாமா அக்கா?”

குவட்டேஷனில் இருந்தால் சேருங்கள். இல்லாமல் நடுவில் புதிதாக 50 வெள்ளி போட்டால், 1,800-ஐ விட்டுவிட்டு அந்த 50-க்குத்தான் சண்டை நடக்கும். குவட்டேஷனில் இருந்தாலும், தெரிந்தவரிடம் தாமதக் கட்டணம் கேட்பதா விடுவதா என்பதில் என் தோழிகளுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. நான் முதல் தடவை விட்டுவிடுவேன், அடுத்த வேலைக்கு 50 சதவீதம் முன்பணம் கேட்பேன்.

“மே 8-க்குள் பதிலே வராவிட்டால்?”

அன்று மாலை ஒரு போன். எடுத்தால் தேதி கேளுங்கள், பேசி முடித்ததும் “இப்போது பேசியபடி 15-ல் அனுப்புகிறீர்கள்” என்று ஒரு செய்தி போடுங்கள். எடுக்காவிட்டால், முதல் கடிதத்துக்கு மேலேயே பதிலாக எழுதி, 14 நாள் கடைசிக் கெடு கொடுங்கள். பினாங்கில்தானே இருக்கிறீர்கள், கூட்டம் இல்லாத காலை நேரமாகப் பார்த்து ஒரு தடவை நேரிலும் போய்வாருங்கள்.