119/51-ஐ எங்கே வெட்டுவது?

"119/51-ஐ 2, 3, 5, 7 எதை வைத்தும் வெட்ட முடியவில்லை. அதனால் இதுதான் எளிய வடிவம் என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். எப்போது நிறுத்துவது? கலப்புப் பின்னமாக முதலில் மாற்ற வேண்டுமா, சுருக்கிய பிறகா?"

முதலில் கலப்புப் பின்னமாக மாற்றுங்கள். அந்த வகுத்தலே எந்த எண்ணால் சுருக்குவது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

119-ஐ 51-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 17. ஈவு முழு எண்ணாகும், மீதி மேலே போகும், 51 கீழே அப்படியே இருக்கும்: 2 17/51. இப்போது அந்த 17-ஐப் பாருங்கள். 119-ஐயும் 51-ஐயும் மீதியில்லாமல் வகுக்கும் எண் எதுவானாலும், 119-லிருந்து இரண்டு 51-ஐக் கழித்துக் கிடைத்த 17-ஐயும் வகுத்தே ஆகவேண்டும். 17 பகா எண். ஆகவே சோதிக்க வேண்டியது 17 ஒன்றுதான். 51-இல் 17 மூன்று முறை போகிறது. விடை 2 1/3.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் இதுவே வழி. கீழே உள்ள எண்ணை மீதியால் வகுங்கள், மறுபடி மீதி வந்தால் முந்தைய மீதியை அதனால் வகுங்கள். மீதி 0 ஆகும்போது எதனால் வகுத்தீர்களோ அதுதான் மீப்பெரு பொதுக் காரணி. இடையில் மீதி 1 வந்தால் இனிச் சுருக்க முடியாது. 65/28-இல் மீதி 9. 28-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2 9/28 என்பதே கடைசி விடை.

மீப்பெரு பொதுக் காரணியை ஒரு பாடத்திலும் பின்னத்தை வேறொரு பாடத்திலும் வைத்து, இரண்டுக்கும் உறவே இல்லாததுபோல் நடத்துகிறார்கள். அப்புறம் சுருக்கவில்லை என்று மதிப்பெண்ணை வெட்டுகிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமைதான்.

இந்த இடைவெளியில்தான் குறுக்குவழி சொல்லித் தருபவர்கள் புகுந்துவிடுகிறார்கள். 16/64-இல் மேலும் கீழும் உள்ள 6-ஐ அடித்தால் 1/4 வருகிறதே என்று காட்டுவார்கள். விடை சரிதான், ஆனால் தற்செயல். அதேபோல் 13/34-இல் 3-ஐ அடித்தாலும் 1/4 வரும். அது தவறு, ஏனென்றால் 13-க்கும் 34-க்கும் பொதுக் காரணியே இல்லை. இலக்கத்தை அடிப்பது வேறு, எண்ணால் வகுப்பது வேறு. காசு கேட்டு இதை யாராவது கற்றுத்தர வந்தால் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. முதல் வகுத்தலிலேயே மீதி 0 வந்தால் கலப்புப் பின்னம் என்பதே கிடையாது. 51/17-இன் விடை 3, வெறும் 3. பலர் பின்னக் கோட்டை விட மனமில்லாமல் 3 0/17 என்று எழுதுகிறார்கள். 17-இல் 0 பங்கு என்றால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததை எழுத வேண்டாம். சிலர் 3 1/17 என்றே எழுதிவிடுகிறார்கள். அது 52/17, வேறு எண். சந்தேகம் வந்தால் திருப்பிப் பெருக்குங்கள்: 3 × 17 = 51, கூட்ட மீதி ஏதும் இல்லை.